சமயோசிதம் என்கிற வசவு

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம், சிலமலையில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், ஊர்ப் பையன் என்கிற இரண்டு தகுதிகள் தவிர வேறெதுவும் எனக்கு அப்போது கிடையாது. ப்ளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று இருபது நிமிடம் பேச வேண்டும். அழைப்பிதழில் மாலை ஐந்தரை என்று போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது மணி ஆறே முக்கால். அதுவரை எல்லோரும் காத்திருந்தோம். அவர் உள்ளே நுழைந்ததும் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள், எழுந்து நின்றோம், கைதட்டினோம், சால்வை போட்டார்கள்.

நான் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மலைக்குப் போன ஜீப் அன்றைக்குத் தாமதமாகத் திரும்பியிருக்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குப் போன பெண்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல், தூக்குவாளியும் கையுமாக நேராகப் பந்தலுக்கு வந்தார்கள். அதில் ஒரு பெண், வாசலில் நின்ற யாரிடமிருந்தோ தன் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். நாள் முழுக்க அம்மாவைப் பார்க்காத குழந்தை. உட்கார்ந்த ஒரு நிமிடத்தில் வீறிட்டு அழ ஆரம்பித்தது. நான் பேச்சை நிறுத்தி, மைக்கில் சொன்னேன்: "பாப்பாவுக்கு இப்பவே படிப்புன்னா பயம் போல. அம்மா, கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போங்க, பெரியவனாகி ப்ளஸ் டூ முடிச்சதும் கூட்டிட்டு வாங்க."

பந்தல் குலுங்கியது. கைதட்டல்கூட விழுந்தது. அந்தப் பெண்ணும் சிரித்தபடியேதான் எழுந்து போனார். மேடையிலிருந்து இறங்கியதும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு "தம்பிக்கு நல்ல சமயோசிதம்" என்றார். எனக்குத் தரை தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பெரியம்மா சொன்னார்: "அவ தங்கச்சி ப்ளஸ் டூ படிக்குதுப்பா. ஏதோ சர்ட்டிபிகேட்டு வாங்கினா பீசு கட்ட வேணாமாம்ல, அதக் கேக்கத்தான் ஜீப்பு விட்டு எறங்குனதும் ஓடியாந்தா. நீ தொரத்திவிட்டுட்ட."

முதல் பட்டதாரி சான்றிதழ். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்கவில்லை என்றால், கவுன்சிலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளையின் டியூஷன் கட்டணத்தை அரசாங்கம் கட்டும். அதற்கு அந்தச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். இதை என் பேச்சின் கடைசி ஐந்து நிமிடத்தில் விளக்கமாகச் சொன்னேன். யாருக்கு அது தேவையோ அவரை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னேன். அந்தத் தங்கை என்ன ஆனாள் என்று விசாரிக்க எனக்கு இன்று வரை முகமில்லை.

*

இந்தக் கட்டுரை அந்தக் குற்ற உணர்ச்சியைப் பற்றியதல்ல. அந்தப் பெரியவர் சொன்ன 'சமயோசிதம்' என்கிற சொல்லைப் பற்றியது. நம் மேடைகளில் அதற்கு இருக்கிற மரியாதை தகாத மரியாதை என்பது என் வாதம். தாமதமாக வருகிறவர், ஒலிக்கிற போன், அழுகிற குழந்தை இம்மூன்றும் எந்தக் கூட்டத்திலும் வரும் என்பது தெரிந்த விஷயம். வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு அந்த நொடியில் தோன்றுவதைச் சொல்வதில் என்ன திறமை? அதற்கான பதிலை வீட்டிலேயே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டுதான் மேடையேற வேண்டும். எழுதாமல் ஏறுகிறவர் வாயிலிருந்து அந்த நேரத்தில் வருவது பெரும்பாலும் வசவுதான். கொஞ்சம் சிரிப்புத் தடவிய வசவு.

காரணம் எளிது. பேச்சு நடுவில் அறுபடும்போது பேசுகிறவனுக்கு முதலில் வருவது பயம். கூட்டம் கையைவிட்டுப் போகிறது என்கிற பயம். அதைப் பிடித்து நிறுத்த மிகச் சுலபமான வழி, எல்லோரையும் சேர்த்து ஒருவரைப் பார்த்துச் சிரிக்க வைப்பது. அந்த ஒருவர் யார்? திருப்பி எதுவும் சொல்ல முடியாதவர். பின்வரிசையில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பவர். நான் அன்று யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. யோசிக்காததால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். அதே மாலையில் ஒன்றே கால் மணி நேரம் தாமதமாக வந்தவரைப் பற்றி எனக்கு எந்தச் சமயோசிதமும் தோன்றவில்லையே, கவனித்தீர்களா?

நம் மேடை வரலாற்றில் தாமதத்தைப் பற்றிய புகழ்பெற்ற வாசகமே பேச்சாளர் தாமதமாக வந்ததைப் பற்றியதுதான். அண்ணா ஒரு தேர்தல் கூட்டத்துக்கு இரவு வெகுநேரம் கழித்து வந்து, சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று நான்கு சொற்களை அடுக்கிப் பேச்சைத் தொடங்கி முடித்தார் என்று சொல்லப்படும் கதை எல்லோருக்கும் தெரியும். அதைச் சமயோசிதத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் அதில் பார்ப்பது வேறு. மாதத்தைச் சொல்கிறார், மணியைச் சொல்கிறார், கூட்டத்தின் தூக்கத்தைச் சொல்கிறார், ஓட்டைக் கேட்கிறார், விட்டுவிடுகிறார். தூங்கி வழிகிறவர்களைக் கேலி செய்யவில்லை. தாமதம் தன்னுடையது, ஆகவே பேச்சைச் சுருக்கிக்கொள்வதும் தன் வேலை என்கிற கணக்கு அதில் இருக்கிறது. அந்த எதுகை மேடையேறிய நொடியில் பிறந்ததா, வரும் வழியில் காரில் பிறந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கே பிறந்தாலும் அது யாரையும் குத்தவில்லை.

திருக்குறளில் 'அவை அஞ்சாமை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, எழுபத்து மூன்றாவது. அதற்கு முந்தையது 'அவை அறிதல்'. இந்த வரிசையை நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். அவைக்கு அஞ்சாதவனை மெச்சுகிறோம். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கிருந்து வந்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு எழுந்தவர்கள் என்று அறிந்துகொண்டு வந்திருக்கிறானா என்று பார்ப்பதில்லை. சிலமலையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் மலைக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து சோறு கட்டி ஜீப் ஏறுகிறார்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே கேரளத்துத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, அதே வளைவுகளில் இறங்கி வருகிறார்கள். மேகம் இறங்கினால், ரோட்டில் ஒரு லாரி நின்றால் தாமதம். அவர்களிடம் போய் நேரம் தவறாமை பற்றி ஜோக் அடிக்கிறவனுக்கு அஞ்சாமை இருக்கிறது, அறிதல் இல்லை.

*

பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் இதற்கெல்லாம் தயார் வரிகள் கொடுப்பார்கள். ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்த வகுப்பு ஒருமுறையாவது நடந்திருக்கும். எனக்கும் நடந்தது. மூன்று வரிகள் ஞாபகம் இருக்கின்றன. தாமதமாக வந்தவரிடம், "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்." போன் ஒலித்தால், "என் வீட்டம்மாவா இருந்தா நான் இல்லைன்னு சொல்லிடுங்க." குழந்தை அழுதால், "என் பேச்சைப் பத்தி உண்மையைச் சொல்ற ஒரே ஆள் இவர்தான்."

தயார் வரி வேண்டும் என்று வாதாடுகிறவன் இவற்றை ஏன் எதிர்க்கிறேன்? இவை தயாரிக்கப்பட்டவை என்பதால் அல்ல. தவறான நோக்கத்துக்குத் தயாரிக்கப்பட்டவை என்பதால். மூன்றும் பேச்சாளரைப் புத்திசாலியாகக் காட்டத்தான் உதவும். முதல் வரியை எங்கள் ஊரில் கல்யாண வீட்டு வாசலில் சொல்லிப் பாருங்கள். முகூர்த்தம் முடிந்து வந்த உறவுக்காரரைக் குத்திக்காட்டச் சொல்கிற வரி அது. கேட்டவர் சாப்பிடாமல் போய்விடுவார். மூன்றாவது வரி தன்னைத்தானே கேலி செய்வது மாதிரி இருக்கிறது, ஆனால் சொல்லி முடித்ததும் இருநூறு தலைகள் எங்கே திரும்பும்? தாயின் பக்கம். கேலி யார்மேல் என்பதைவிடக் கண்கள் யார்மேல் என்பதுதான் கேள்வி. சிரிப்பு எவ்வளவு நட்பானதாக இருந்தாலும், அழுகிற குழந்தையோடு இருநூறு பேர் பார்வையில் உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது. எழுந்து போய்விடுவார்.

நான் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எழுதி வைத்த ஒவ்வொரு வரியையும் மாவட்ட கலெக்டரிடம் சொல்வதாகக் கற்பனை செய்வேன். தாமதமாக வந்தது கலெக்டர், போன் ஒலித்தது கலெக்டர் பையில், குழந்தை கலெக்டர் மடியில். அப்போதும் இதே வரியை இதே குரலில் சொல்வேனா? வாய் கூசினால் அந்த வரியை அடித்துவிடுவேன். முதல் வடிகட்டலில் முக்கால்வாசி ஜோக்குகள் போய்விடும். மிஞ்சுவது சிரிப்பே வராத, சப்பென்ற நான்கைந்து வாக்கியங்கள். அவைதான் வேண்டும்.

*

அந்த ஆண்டுவிழாவுக்குப் பிறகு மூன்று வருடம் எங்கும் பேசவில்லை. பிறகு ஊரில் அதே மாதிரி ஒரு கூட்டத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள். இந்தமுறை அரை மணி நேரப் பேச்சு. என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதல் வேலை பேச்சின் வரிசையை மாற்றியது. ஜீப் எப்போது வரும் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். ஆறரைக்குள் வந்துவிடும் என்றார். பேச்சு ஆறே காலுக்கு. ஆகவே முதல் பதினைந்து நிமிடத்தில் யார் தவறவிட்டாலும் நஷ்டமில்லாத விஷயங்களை வைத்தேன்: நான் படித்த கதை, ஹாஸ்டல் கதை. சான்றிதழ், கடைசித் தேதி, எங்கே போய் விண்ணப்பிப்பது எல்லாம் இரண்டாம் பாதியில். பயிற்சி வகுப்பில் நேர்மாறாகச் சொல்வார்கள், முக்கியமானதை முதலில் சொல் என்று. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து உட்காரக்கூடிய கூட்டத்துக்கு அது சரி.

இரண்டாவது, பேச்சை நான்கு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வைத்தேன். அந்தத் துண்டு எதைப் பற்றியது என்று சொல்கிற வாக்கியம். இதற்கு நான் வைத்த பெயர் திரும்பும் வாக்கியம். பேச்சு எங்கே அறுந்தாலும் அறுந்த சொல்லிலிருந்து தொடரக்கூடாது. 'எங்க விட்டேன்?' என்று கூட்டத்தைக் கேட்கவும் கூடாது. அந்தக் கேள்வி, தடங்கலுக்குக் காரணமானவரை இரண்டாம் முறை குற்றவாளி ஆக்குகிறது. திரும்பும் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அங்கிருந்து நடக்க வேண்டும். தாமதமாக வந்தவருக்கும் அதுவே முன்கதைச் சுருக்கம் ஆகிவிடும். ஆக, ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வேலை.

மூன்றாவது, பதில்களை எழுதியது. எழுத்துத் தமிழில் எழுதினால் அது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கும். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதினேன். எதுவும் எட்டு பத்துச் சொற்களைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

தாமதமாக வருகிறவர் ஒருவர் என்றால் பதில் எதுவும் இல்லை. பேசிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை அவர்மேல் வைக்கக்கூடாது. கூட்டமாக வந்தால் மட்டும், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்த வேண்டும். இருபது பேர் உட்கார ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எழுதி வைத்த வரி இது: "வாங்க, இந்தப் பக்கம் எடம் இருக்கு." அவ்வளவுதான். ஏன் தாமதம் என்று இல்லை, வரவேற்பும் இல்லை. வருகிறவருக்குத் தேவை இடம், அதைச் சொன்னால் போதும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு திரும்பும் வாக்கியம்.

போனுக்கு எழுதிய வரியை நானே பிறகு அடித்துவிட்டேன். கணக்குப் பார்த்தால் அது தேவைப்படவில்லை. நம் நாட்டில் எடுக்காத செல்போன் அழைப்பு 30 விநாடிதான் ஒலிக்க வேண்டும் என்று 2019ல் டிராய் விதி போட்டது. பேச்சாளர் நிறுத்தி, முறைத்து, 'போனைச் சைலண்டில் போடுங்க' என்று அறிவுரை சொல்லி, அதற்கு ஒரு கதையும் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம். எது பெரிய தொந்தரவு? நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், தாளைப் பாருங்கள். மணி நின்றதும் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லுங்கள். எடுத்துப் பேசுகிறவர் எழுந்து வெளியே போனால் விட்டுவிடுங்கள். மாலை நேரத்தில் எங்கள் ஊரில் வருகிற போன் பெரும்பாலும் நாளைக்கு வேலை உண்டா, ஜீப் எத்தனை மணிக்கு என்கிற போன். அதை எடுக்காதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

போன் ஒலித்தவர் ஒழுக்கம் கெட்டவர் என்கிற எண்ணத்தையும் விட வேண்டும். 2012 ஜனவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு மாலரின் ஒன்பதாவது சிம்ஃபொனியை வாசித்துக்கொண்டிருந்தது. இசை மௌனத்தில் கரைகிற கடைசிப் பகுதியில், முன்வரிசையில் ஒரு ஐஃபோன் ஒலித்தது, நிற்காமல். நடத்துநர் ஆலன் கில்பர்ட் இசையையே நிறுத்திவிட்டார். அவையில் இருந்தவர்கள் அந்த மனிதரை வெளியே அனுப்பு, அபராதம் போடு என்று கத்தினார்கள். பிறகு தெரியவந்தது: போன் அவருக்குப் புதிது, ஒலித்தது அலாரம். சைலண்டில் போட்டாலும் ஐஃபோனில் அலாரம் அடிக்கும். அவர் தன் போன்தான் அடிக்கிறது என்பதையே முதலில் உணரவில்லை. சொன்ன ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தவர்தான் கூண்டில் நின்றார். மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பிழை கருவியின் அமைப்பில் இருக்கும், திட்டு பயன்படுத்துகிறவருக்கு விழும்.

கில்பர்ட் செய்ததில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அணைத்தாயிற்றா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார், கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்டார், பிறகு விட்ட இடத்தில் தொடங்காமல் முன்னால் போய், உரத்து ஒலிக்கும் ஒரு பகுதியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கலைந்த காதுகளை உள்ளே இழுக்க மெல்லிய இடம் உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பும் வாக்கியம் என்று நான் சொல்வது இதைத்தான்.

*

குழந்தைதான் கடினம். போன் நின்றுவிடும், வந்தவர் உட்கார்ந்துவிடுவார். குழந்தை நின்று நின்று அழும். ஒரே ஒரு நல்ல வரியோடு மேடையேறுகிறவர் இங்கேதான் மாட்டுவார்.

2016 ஆகஸ்டில் வர்ஜீனியா மாநிலத்தில் ஆஷ்பர்ன் என்ற ஊரில் டொனால்ட் டிரம்ப் தேர்தல் பிரசாரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு குழந்தை அழுதது. குழந்தைகளை எனக்குப் பிடிக்கும், கவலைப்படாதீர்கள் என்று தாயிடம் மேடையிலிருந்து சொன்னார். கைதட்டல். எந்தப் பயிற்சி வகுப்பும் முழு மதிப்பெண் கொடுத்திருக்கும். குழந்தை மறுபடியும் அழுதது. உடனே, சும்மாதான் சொன்னேன், குழந்தையை வெளியே கொண்டு போகலாம் என்றார். அன்று முழுக்க உலகம் பேசியது இரண்டாவது வரியைப் பற்றி. முதல் வரியின் கருணையைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை. அதைப் பொய் ஆக்கியதே இரண்டாவதுதான். முதல் அழுகைக்கு அவரிடம் பதில் இருந்தது, இரண்டாவதற்கு இல்லை.

அதனால் என் தாளில் குழந்தைக்கு மட்டும் மூன்று படிகள் எழுதியிருந்தேன். முதல் அழுகைக்கு ஒன்றும் செய்வதில்லை, குரலை உயர்த்துவதும் இல்லை. நாம் கத்தினால் பாக்ஸும் கத்தும், அழுகிற குழந்தையின் காதில். இரண்டாவது, அழுகை தொடர்ந்து பேச்சு கேட்காமல் போனால், நிறுத்திவிட்டு மொத்தக் கூட்டத்தையும் பார்த்து ஒரு கேள்வி: "பின்னாடி இருக்கவங்களுக்கு நான் பேசுறது கேக்குதா?" அழுகை என்கிற சொல்லே அதில் இல்லை. கூட்டம் தலையாட்டும், கண்கள் மேடையில் இருக்கும், தாய்க்குக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்ட அரை நிமிடம் கிடைக்கும். மூன்றாவது, அதற்கும் நிற்கவில்லை என்றால், தேதியும் பெயருமாக இருக்கிற பகுதியைத் தள்ளிவைத்துவிட்டு, கூட்டத்தைக் கேள்வி கேட்கச் சொல்லிவிடுவது. கேள்வி நேரத்தில் எப்படியும் சத்தம் இருக்கும், அழுகை அதில் கரைந்துவிடும். அடங்கியதும் திரும்பும் வாக்கியம்.

தாயிடம் நேரடியாகச் சொல்ல ஒரு வரிகூட எழுதவில்லை. 'இருங்கம்மா, பரவாயில்ல' என்று சொல்லலாமே என்பார்கள். அதைச் சொன்னாலும் இருநூறு தலை திரும்பும். அதோடு, வெளியே போக நினைத்தவருக்கு இப்போது போகவும் முடியாது. இரு, போ என்று இரண்டில் எதைச் சொன்னாலும் அது உத்தரவுதான்.

உண்மையில் குழந்தைக்கான பெரிய பதிலை மேடையேறும் முன்பே சொல்லிவிட வேண்டும், மைக்செட்டுக்காரரிடம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் சட்டென எழுந்து போக வசதியாக ஓரத்தில் உட்காருவார்கள். பாக்ஸையும் ஓரத்தில்தான் வைப்பார்கள். என் முதல் கூட்டத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது ஆள் உயர பாக்ஸுக்கு முன்னால் என்பது பிறகு போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்தது. நான் மைக்கில் ஜோக் அடித்ததும் அந்தப் பாக்ஸ் வழியாகத்தான். இரண்டாவது கூட்டத்தில் போய் நின்று, "அண்ணே, இந்தப் பாக்ஸக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைங்கண்ணே, பிள்ளைக்காரங்க இங்கதான் உக்காருவாங்க" என்றேன். "அதுக்கென்ன தம்பி" என்று இரண்டு நிமிடத்தில் திருப்பிவிட்டார். வாசல் பக்கம் இரண்டு நாற்காலி காலியாக வைக்கச் சொன்னேன். அழைப்பிதழில் பெயர் போடுகிற நாற்பது பேரில் யாராவது ஒருவர் இதை யோசித்திருந்தால் பேச்சாளரின் சமயோசிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். எழுதி வைத்த மரியாதை போலி மரியாதை என்பது ஒன்று. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் 'வாங்க, சாப்பிட்டீங்களா' என்று கேட்கிறோமே, அது அந்த நொடியில் நெஞ்சில் ஊறி வருகிறதா? நம் அப்பத்தாக்கள் எழுதிக் கொடுத்த வரி அது. பசியோடு வந்தவருக்கு அது போலியாகப் படுவதில்லை. மரியாதையின் பெரும்பகுதி மனப்பாடம்தான். கோபமும் பயமும் வருகிற நேரத்தில் மனம் நம்பத்தகுந்ததல்ல என்று தெரிந்துதான் அதை மனப்பாடமாக வைத்தார்கள்.

இன்னொன்று: இப்படி விட்டுக்கொடுத்தால் கூட்டத்துக்கு ஒழுக்கம் எப்படி வரும்? கச்சேரியில், பரீட்சை ஹாலில் இந்தக் கேள்விக்கு இடமுண்டு. வேண்டுமென்றே குறுக்கே கத்துகிறவர், குடித்துவிட்டு வந்து வம்பிழுக்கிறவர், முன்வரிசையில் உட்கார்ந்து உரக்கப் போன் பேசுகிற பிரமுகர், இவர்களுக்கும் என் தாளில் பதில் இல்லை. அவர்களைக் கவனிக்க வேண்டியது விழாக்குழு, பேச்சாளர் அல்ல. நான் சொல்வது வேண்டுமென்று செய்யாதவர்களைப் பற்றி. ஒழுக்கத்தைச் சொல்லித்தர ஆசைப்படுகிறவர்கள் முதலில் அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு விழாவைத் தொடங்கட்டும். சால்வை போடப் பாட்டை நிறுத்துகிற மேடைக்கு, ஜீப்பிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்காக ஒரு நிமிடம் நிறுத்துவது பெரிய செலவல்ல.

அந்த இரண்டாவது கூட்டம் நான் நினைத்தபடியெல்லாம் நடக்கவில்லை. ஜீப் ஆறரைக்கு வராமல் ஆறு ஐம்பதுக்குத்தான் வந்தது. சான்றிதழ் பகுதியை இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று, முதலில் வந்தவர்கள் கொஞ்சம் நெளிந்தார்கள். ஒரு குழந்தை அழுதது, இரண்டாம் படி வரை போனேன். பின்னால் கேட்கிறதா என்று கேட்டதற்கு ஒரு தாத்தா "ரொம்பவே கேக்குது" என்று சொல்லிச் சிரிப்பை வாங்கிக்கொண்டார். சமயோசிதம் அவரிடம் இருக்கட்டும், அவர் கையில் மைக் இல்லை.

திரும்பும்போது பெரியம்மாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"யாரும் எந்திரிச்சுப் போகலப்பா" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பேச்சு சுமார்தான்."